'யூனிக்' பட்டியலுக்குத் தமிழில் என்ன பெயர்?

ரோஸ் ஹில், மொரீஷியஸ் (தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோவில் தைப்பூசக் காவடிப் பதிவை எக்செலில் வைத்திருக்கிறோம், 640 வரி. ஊர் எழுதிய பத்தியிலிருந்து ஒவ்வொரு ஊரையும் ஒருமுறை மட்டும் எடுத்து, பக்கத்தில் எத்தனை பேர் என்று காட்டும் சிறு அட்டவணை செய்தேன்:

```
E2: =UNIQUE(B2:B641)
F2: =COUNTIF(B2:B641,E2#)
```

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்லித் தரப் போகிறேன். E பத்தியில் வருவதைத் 'தனித்துவ மதிப்புகள்' என்று எழுதலாமா?

டர்பன்

தங்கச்சி, எங்கள் வீட்டுக் கல்யாண அழைப்புப் பட்டியலில் ஒரே பெயர் மூன்று தடவை வந்தது. Remove Duplicates அழுத்தினேன், போய்விட்டது. அதற்குச் சூத்திரம் எதற்கு?

ரோஸ் ஹில்

அண்ணா, எனக்கு வரிகள் போகக் கூடாது. 640 பேரும் இருக்க வேண்டும், ஊர்க்கணக்கும் வேண்டும். நாளை ஒருவர் ஊரைத் திருத்தினால் கணக்கும் தானாகவே மாற வேண்டும். அந்தப் பொத்தான் அழுத்திய நேரத்து நிலையோடு நின்றுவிடுகிறது.

குவாத்ர் போர்ன்

'தனித்துவ' வேண்டாம் அம்மா. தனித்துவம் என்றால் பிறரிடம் இல்லாத தன்மை. பத்தியில் பல தடவை வரும் ரோஸ் ஹில்லுக்கு என்ன தனித்துவம்? பிள்ளைகள் 'ஒரே ஒருவர் வந்த ஊர்' என்றுதான் புரிந்துகொள்வார்கள். அந்தக் கேள்வியும் தனியே உண்டு, அதே சூத்திரமே அதற்கும் விடை தரும்:

```
=UNIQUE(B2:B641,,TRUE)
```

கடைசியில் TRUE போட்டால் ஒரே ஒருமுறை வந்த ஊர்கள் மட்டும் வரும். ஆக நமக்கு இரண்டு சொல் தேவை. இரண்டாவதற்கு 'ஒருமுறை மதிப்பு' போதும். முதலாவதற்கு 'மீளாப் பட்டியல்' என்பேன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. அந்தக் குற்றம் இல்லாத பட்டியல் இது. மீளாமை பட்டியலின் குணம், மதிப்பின் குணம் அல்ல. அதனால் 'மீளா மதிப்பு' என்று எழுதிவிடாதீர்கள்.

சென் தெனி, ரெயூனியன்

ஐயா சொன்ன பிரிவு சரி. எங்கள் எக்செல் பிரெஞ்சில் இருக்கிறது. COUNTIF இங்கே NB.SI, காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. திரையில் உள்ள பெயர் ஊருக்கு ஊர் மாறும்போது, சொல் வேலையைச் சொல்வதே நல்லது. ஆனால் 'மீளா' கேட்டதும் மீளாத் துயில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அப்புறம் ஒன்று: F பத்தியைக் கூட்டிப் பாருங்கள். 640 வந்தால் பட்டியல் சரி என்று அர்த்தம்.

ரோஸ் ஹில்

கூட்டினேன், 640 வந்தது. ஆனால் பட்டியலில் 14 வரி, ரோஸ் ஹில் இரண்டு இடத்தில்: ஒன்றில் 148, ஒன்றில் 9. உடனே `=UNIQUE(TRIM(B2:B641))` என்று மாற்றினேன். 11 வரி ஆனது, ஆனால் கூட்டல் 625 ஆகிவிட்டது. எங்கே பிழை?

குவாத்ர் போர்ன்

அந்த 9 பேருக்கு ஊர்ப் பெயரின் பின்னால் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, எக்செலுக்கு அது வேறு ஊர். ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்தாலும் கூட்டல் குறையாது, ஆகவே 640 வந்ததை வைத்துப் பட்டியல் சரி என்று சொல்ல முடியாது. TRIM போட்டபோது பட்டியல் சுத்தமானது, எண்ணும் பத்தி பழையபடியே இருந்தது. இடைவெளியோடு இருந்த 15 பேர் எந்த ஊரிலும் சேரவில்லை. முதலில் சுத்தப் பத்தி ஒன்று வையுங்கள், பட்டியலும் எண்ணிக்கையும் அதிலிருந்தே வரட்டும்:

```
C2: =TRIM(B2:B641)
E2: =UNIQUE(C2#)
F2: =COUNTIF(C2#,E2#)
```

Quatre Bornes, Quatre-Bornes என்று இரு விதமாக எழுதியிருந்தால் இதுவும் உதவாது, கையால்தான் திருத்த வேண்டும். E பத்தியை SORT கொண்டு அகரவரிசையில் வைத்தால் அவை அடுத்தடுத்து நின்று கண்ணில் படும்.

டர்பன்

இப்போது புரிகிறது. அப்படியானால் 'வகைப் பட்டியல்' என்று சொல்லுங்கள். எத்தனை ஊர் வகை, வகைக்கு எத்தனை பேர். பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

குவாத்ர் போர்ன்

வகை என்றால் பலவற்றைச் சேர்த்த குழு அண்ணா. ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் இரண்டையும் 'பிளெயின்ஸ் வில்லெம்ஸ்' மாவட்டத்தில் அடக்கினால் அது வகை. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

ரோஸ் ஹில்

C பத்தி வைத்தேன். 11 வரி, கூட்டல் 640. இரு விதமாய் எழுதிய ஓர் ஊரைத் திருத்தியதும் 10 வரி. சனிக்கிழமைப் பாடத்தாளில் 'ஒருமுறை மதிப்பு' உறுதியாக வரும். மற்றதற்கு 'மீளாப் பட்டியல்' என்று எழுதி, பக்கத்தில் 'வகைப் பட்டியல்' என்பதையும் பென்சிலால் குறித்து வைக்கிறேன். பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறேன்.