ஷார்ப் விகிதத்தை வைத்து நிதியம் தெரிந்தெடுத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

தலவாக்கலை டீச்சர்

போன மாதம் ஹட்டனுக்குப் போயிருந்தபோது, யூனிட் டிரஸ்ட் விற்கும் ஒருவர் இரண்டு துண்டுப்பிரசுரங்களைக் கையில் தந்தார். ஒன்று முழுக்கப் பங்குகளில் போடும் நிதியம். மற்றது பங்கும் திறைசேரி முறியும் கலந்தது. "டீச்சர், முதலாவது மாதத்துக்குச் சராசரியாக 2 சதவீதம் தந்திருக்கிறது, இரண்டாவது ஒன்றரைதான்" என்றார். நானும் கணவரும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த 3 இலட்சம் ரூபாய் அது. அவர் சொன்ன ஒரு வரியை நம்பிப் போட மனம் வரவில்லை.

அன்றிரவு தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, சதுரக் கோட்டுக் கொப்பியை எடுத்து வைத்து மாத எண்களை எழுதினேன். பிரசுரத்தில் 6 மாதங்கள்தான் இருந்தன.

பங்கு நிதியம்: 6, −3, 5, −2, 7, −1
கலப்பு நிதியம்: 4, 0, 3, −1, 3, 0

சராசரி 2, 1.5. அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு மாதமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கித்துக் கூட்டினால் முதலாவதற்கு 100, இரண்டாவதற்கு 21.5. அவற்றை 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் 4.47, 2.07. உயர்தரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே கணக்கு. திறைசேரி உண்டியலில் போட்டிருந்தாலே கிடைத்திருக்கும் வட்டியை மாதத்துக்கு 0.7 என்று எடுத்து, சராசரியிலிருந்து அதைக் கழித்து, நியம விலகலால் வகுத்தேன். ஷார்ப் விகிதம் என்பது இதுதான்.

(2 − 0.7) ÷ 4.47 = 0.29
(1.5 − 0.7) ÷ 2.07 = 0.39

குறைவாகத் தந்த நிதியம் முன்னுக்கு வந்துவிட்டது. இந்த எண்ணை நம்பிப் பணம் போட்டவர்கள் இங்கே இருந்தால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பதுளை வாலிபன்

அக்கா, நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். இது மாதக் கணக்கு என்பதால் 12 ஆல் பெருக்க வேண்டும். அப்போது கலப்பு நிதியத்துக்கு 4.6 வருகிறது. 3 க்கு மேல் வந்தால் மிகச் சிறந்தது என்று படித்திருக்கிறேன். என்னுடைய நிதியத்துக்கு இதே முறையில் 5 வந்தது, உடனே போட்டுவிட்டேன். ஒரு விடயத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்: நுழையும்போது பிடிக்கும் கட்டணம் அந்த மாத எண்களில் கழிக்கப்பட்டிருக்கிறதா? எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பண்டாரவளை, இப்போது கொழும்பு

பத்து வருடமாக நிதியங்களின் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தம்பி கட்டணத்தைப் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. அலகு விலையிலிருந்து வரும் எண்களில் முகாமைத்துவக் கட்டணம் ஏற்கெனவே கழிந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இருந்தால் அது அதில் தெரியாது. ஆனால் 12 ஆல் பெருக்கியது பிழை. ஒரு வருடத்தில் சராசரி இலாபம் 12 மடங்காகிறது, ஆனால் ஏற்ற இறக்கம் அப்படிப் பெருகுவதில்லை. ஒரு மாதத்து இறக்கத்தை இன்னொரு மாதத்து ஏற்றம் ஓரளவு ஈடுசெய்துவிடுவதால் 12 இன் வர்க்கமூலம், அதாவது 3.46 மடங்குதான் ஆகிறது. ஆகவே விகிதத்தையும் 3.46 ஆல்தான் பெருக்க வேண்டும். டீச்சரின் எண்கள் வருடத்துக்கு 1.0, 1.3 என்றாகும். தம்பியின் 5 என்பது ஏறத்தாழ 1.4.

இந்த எண் என்ன சொல்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது சூத்திரம் அல்ல, ஒரு கலவை. டீச்சர், ஒரு இலட்சத்தில் 46,000 ரூபாயைப் பங்கு நிதியத்திலும் மீதி 54,000 ரூபாயைத் திறைசேரி உண்டியலிலும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் இப்போது கலப்பு நிதியத்தின் அளவுக்கே இறங்கிவிடும். சராசரி எவ்வளவு? 0.92 உடன் 0.38, ஏறத்தாழ 1.3. அதே ஆட்டத்துக்குக் கலப்பு நிதியம் 1.5 தருகிறது. 0.39 பெரிது, 0.29 சிறிது என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இனி ஒன்று செய்யுங்கள். கொப்பியில் 0.7 ஐ அழித்துவிட்டு 1.2 எழுதிப் பாருங்கள்.

மஸ்கெலியா ஓய்வு

பிள்ளைகளே, நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்ததும் வைப்பு எடுக்கும் ஒரு நிறுவனத்தில் போட்டேன். மாதம் ஒன்றேகால் சதவீதம். நான்கு வருடம் ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாதத்தின் முதல் வாரம் பணம் வந்துவிடும். டீச்சரின் கணக்குப்படி என் பணத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஐந்தாவது வருடம் நிறுத்திவிட்டார்கள். முதலும் வரவில்லை. இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா?

தலவாக்கலை டீச்சர்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விலகல் எல்லாம் சைபர். சைபரால் வகுக்க முடியாது. சைபருக்குக் கிட்டிய எந்த எண்ணால் வகுத்தாலும் விகிதம் மலைபோல் வரும். இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றியிருக்காது ஐயா. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கும்.

பண்டாரவளை அண்ணா, 1.2 எழுதிப் பார்த்தேன். பங்கு நிதியம் 0.18, கலப்பு 0.14. இடம் மாறிவிட்டன! நிதியங்களின் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை.

பண்டாரவளை, இப்போது கொழும்பு

அதைத்தான் காட்ட நினைத்தேன். கழிக்கும் வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ 1.07 ஆக இருக்கும்போது இரண்டும் சமம். அதற்குக் கீழே கலப்பு வெல்லும், மேலே பங்கு வெல்லும். வருடக் கணக்கில் அது 12.8 சதவீதம். வட்டி அதிகம் அசையாத நாட்டில் இதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. நம் நாட்டில் 91 நாள் உண்டியல் 2022 இன் பிற்பகுதியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2023 முடியும்போதும் ஒரு வருட உண்டியல் 12 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. அடுத்த வருடம் 10 க்குக் கீழே வந்தது. மூன்று வருட நிதியத்துக்கு இன்றைய வட்டியை மட்டும் கழித்து விகிதம் போட்டிருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மாதத்திலிருந்தும் அந்தந்த மாதத்து வட்டியைக் கழித்து, மிஞ்சியதற்குத்தான் சராசரியும் விலகலும் எடுக்க வேண்டும். வில்லியம் ஷார்ப் இந்த விகிதத்தை 1966 இல் எழுதினார்; 1994 இல் திரும்ப எழுதியபோது, வித்தியாசத்தின் விலகலால் வகுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக வைத்தார்.

மஸ்கெலியா ஐயாவுக்கு: 2008 டிசம்பரில் அமெரிக்காவில் பேர்னார்ட் மேடோஃப் பிடிபடும் வரை, அவரிடம் பணம் கொடுத்திருந்த நிதியங்களின் ஷார்ப் விகிதம் பார்ப்பவர்களை மயக்கும் அளவுக்கு உயரமாக இருந்தது. விலை ஆடாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உண்மையிலேயே ஆடாமல் இருக்கலாம். அல்லது ஆடுவதை யாரும் அளக்காமல் இருக்கலாம். விகிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் எண் உயரமாக வரும்போது நான் முதலில் கேட்பது, உள்ளே இருக்கும் சொத்துக்கு யார், எந்த நாளின் சந்தை விலையைப் போடுகிறார்கள் என்பதைத்தான்.

நுவரெலியா மரக்கறித் தோட்டம்

நான் ஏமாந்தது வேறு விதத்தில். 2023 தொடக்கத்தில் லீக்ஸ் விற்ற காசை வைத்துக்கொண்டு, முந்தைய வருடத்துக்கு இதே கணக்கைப் போட்டேன். விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். உண்டியல் 25 சதவீதம் என்று வையுங்கள். இரண்டு நிதியங்களும் 10 சதவீதம்தான் தந்தன. ஒன்றின் விலகல் 10, மற்றதினது 30. விகிதம் −1.5, −0.5. இரண்டில் −0.5 தானே பெரிது என்று அதில் போட்டேன்.

இலாபம் இரண்டிலும் ஒன்று, ஆட்டம் மூன்று மடங்கு, அதற்குத்தான் கூடிய மதிப்பெண். மேலே இருக்கும் எண் மறையாகிவிட்டால் பெரிய விலகலால் வகுக்கும்போது அது சைபரை நோக்கி ஏறுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜூலையில் உரத்துக்கும் விதைக்கும் காசு தேவைப்பட்டபோது, விலை விழுந்திருந்த கிழமையில் விற்க வேண்டியதாயிற்று. மறை எண் வந்தால் இப்போது நான் வரிசைப்படுத்துவதே இல்லை. அந்தக் காலத்துக்கு உண்டியலே போதும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலப்பு நல்லது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். டீச்சரின் அந்த 6 மாதத்தில் ஒரு இலட்சம் பங்கு நிதியத்தில் 1,12,076 ரூபாயாகியிருக்கும், கலப்பில் 1,09,230. என் மகளின் படிப்புக்குக் கட்ட வேண்டியது ரூபாயில், விகிதத்தில் அல்ல.

பண்டாரவளை, இப்போது கொழும்பு

அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். கலப்பு நிதியத்தில் கடன் வாங்கிப் போட்டு அதன் ஆட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பங்கு நிதியத்தை முந்தும் என்று பாடம் சொல்லும். உண்டியல் வட்டிக்கு நம்மில் யாருக்குக் கடன் கிடைக்கும்?

டீச்சர், முடிவெடுக்கும் முன் இதையும் பாருங்கள். 6 மாதத்தில் வந்த 0.29, 0.39 இரண்டுக்கும் பிழை எல்லை தலா 0.4 அளவு. இரண்டு நிதியமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் வித்தியாசத்தின் பிழை அதைவிடக் குறைவு, ஆனாலும் 0.10 வித்தியாசத்தைத் தாங்கும் அளவுக்குக் குறையாது. குறைந்தது 36 மாத அலகு விலையைக் கேட்டு வாங்குங்கள்.

பதுளை வாலிபன்

36 மாதத்துக்கும் மேலே பின்னால் போனால் நெருக்கடிக் கால வட்டியும் உள்ளே வந்துவிடுமே அண்ணா? அந்தக் காலத்தை வைத்து இனி வரும் காலத்தை எப்படி மதிப்பிடுவது? அதை விட்டுவிட்டு எடுத்தாலும் நமக்குப் பிடித்த மாதங்களைப் பொறுக்கியதாகிவிடும்.

பண்டாரவளை, இப்போது கொழும்பு

தம்பி, இதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி இருக்கிறது. நான் இரண்டு விதமாகவும் போட்டு, இரண்டிலும் ஒரே நிதியம் வந்தால் மட்டும் வாய் திறப்பேன்.

தலவாக்கலை டீச்சர்

சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய் மாத இறுதி அலகு விலைகளைக் கேட்டேன். அவரிடம் 24 மாதம்தான் இருந்தது, மீதியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மத்திய வங்கியின் ஏல முடிவுகளிலிருந்து மாத வட்டியை எடுத்து ஒரு நிரலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 91 நாள் உண்டியலா, 364 நாளா என்பதில்தான் நிற்கிறேன். நாங்கள் பணத்தைத் தொடாமல் வைக்கப்போவது மூன்று வருடம். மஸ்கெலியா ஐயா, உங்கள் வைப்பின் பத்திரங்கள் இன்னும் கையில் இருக்கின்றனவா?