“அப்பா வந்திருப்பார்” என்று பிள்ளை சொன்ன நாள்

கிளிநொச்சி ரீச்சர்:
2018இல் நடந்தது. பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி. தினமும் பிந்தி வருவாள், முதல் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவாள். தகப்பன் 2009இல் காணாமல் போனவர். கதைக்க எனக்குக் கிடைத்தது அரைப் பாடவேளைதான்.

அதிசயக் கேள்வியைக் கேட்டேன். “இன்றைக்கு இரவு நீ நித்திரை கொள்ளேக்க ஒரு அதிசயம் நடக்குது. உன்ர பிரச்சினை தீர்ந்துபோச்சு. நித்திரையில இருந்ததால உனக்கு அது தெரியாது. விடிய எழும்பினதும் எதைக் கண்டு, ஏதோ மாறிட்டுது எண்டு நினைப்பாய்?”

“அப்பா வந்திருப்பார்.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வருவார் என்றும் சொல்லக்கூடாது, வரமாட்டார் என்றும் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவர் வந்திருந்தால் அந்தக் காலமை வீட்டில என்ன வித்தியாசமா இருக்கும்?” என்று கேட்டேன். “அம்மா அழாமல் தேத்தண்ணி போடுவா. எனக்குத் தலை பின்னிவிடுவா. நான் மணி அடிக்க முதல் வந்திடுவன்.”

இப்படி ஒரு காலமை அண்மையில் கொஞ்சமாவது இருந்ததா என்று கேட்டதற்கு, போன புதன்கிழமை என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கூப்பிட, அம்மா எழும்பித் தலை பின்னிவிட்டாராம்.

மாங்குளம் அண்ணா:
அடுத்தது அளவுகோல்தானே ரீச்சர்? 0 என்றால் ஆக மோசம், 10 என்றால் அந்த அதிசயக் காலமை, இப்ப நீ எத்தனையில் நிற்கிறாய் என்று நானும் கேட்பேன். பிள்ளை 3 என்றால், 10க்குப் போகத் திட்டம் போட்டுக் கொடுப்பேன்.

முள்ளியவளை உளவளத்துணையாளர்:
அங்கேதான் தம்பி பிள்ளை களைத்துப்போகும். முதலில், “ஏன் 3, ஏன் 1 இல்லை?” என்று கேளுங்கோ. பிள்ளை ஏற்கெனவே செய்துவருவது அப்போதுதான் வெளியே வரும். அதன்பிறகு 4 எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டால் போதும். திட்டத்தைப் பிள்ளையே சொல்லும். அதிசயக் கேள்வி பிறந்ததும் அப்படித்தான்: அமெரிக்காவின் மில்வாக்கியில் இன்சூ கிம் பெர்க் என்ற சிகிச்சையாளரிடம் வந்த ஒருவர், அதிசயம் நடந்தால்தான் உண்டு என்று சொல்ல, பெர்க் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்.

வவுனியா அம்மா:
என்ர மகனும் கணக்கில் 30 புள்ளிதான். 40 எடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் சரிவருமோ?

முள்ளியவளை உளவளத்துணையாளர்:
இது சோதனைப் புள்ளி இல்லை அக்கா. எத்தனை என்பதை மகனே சொல்ல வேணும், நாங்கள் திருத்தக்கூடாது.

கிளிநொச்சி ரீச்சர்:
அவளும் 3 என்றுதான் சொன்னாள். ஏன் 1 இல்லை என்றதற்கு, “பள்ளிக்கூடத்துக்கு வாறதை விடேல்லைத்தானே” என்றாள். 4 என்றால், கிழமையில் இன்னுமொரு நாள் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சைக்கிளில் வருவது. இரண்டு கிழமையில் 5 ஆனது. தகப்பனின் பிறந்தநாள் வந்த கிழமை திரும்பவும் 3.

முள்ளியவளை உளவளத்துணையாளர்:
இறங்கினால், “2க்குப் போகாமல் எப்படித் தாக்குப்பிடித்தாய்?” என்றுதான் நான் கேட்பேன். ஆனால் சாக வேணும் என்றோ, வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்றோ பிள்ளை சொன்னால் அதிசயக் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கோ. முதலில் பிள்ளையின் பாதுகாப்பு, அன்றைக்கே உரிய இடத்துக்கு அனுப்ப வேணும்.

மாங்குளம் அண்ணா:
ஒன்று கேட்கிறேன். நீங்கள் ‘அதிசயம்’ என்கிறீர்கள். நான் ‘அற்புதம்’ என்று கேட்டால் சில பிள்ளைகள் ஜெபக் கூட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள்.

கிளிநொச்சி ரீச்சர்:
‘அதிசயம்’ என்றாலும் சின்னப் பிள்ளைகள் மந்திரக் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறாம் தரத்துக்கு என்ன சொல் பாவிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.