புதுப்பிப்பு: பழைய 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை நேரில் சோதித்தபோது

"கரோசலில் பார்த்த பழைய ஹார்ட் டிஸ்க்கை வாங்கலாமா? முதலில் எதைச் சோதிப்பது?" (என் முந்தைய கேள்வி)

நேற்று மாலை ஈசூன் புளோக் ஒன்றின் வாய்ட் டெக்கில் விற்பவரைச் சந்தித்து, அந்த டிஸ்க்கை என் மடிக்கணினியில் யூஎஸ்பி வழியாக இணைத்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் CrystalDiskInfo நிரலைத் திறந்தேன்.

ஓடிய மணிநேரம் குறைவாக இருந்தால் போதும் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது பாதி உண்மைதான், ஏனெனில் அந்த எண்ணிக்கையை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னபடி, பழுதால் மாற்றப்பட்ட செக்டர்களை எண்ணும் 05, படிக்க முடியாமல் காத்திருப்பவற்றை எண்ணும் C5 ஆகிய இரண்டு வரிகளையே நான் முதலில் பார்த்தேன். 05 சுழியமாக இருந்தது. C5-இல் 18 என்று இருந்தது. அந்த நிரல் மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டுவதால், உண்மையில் அது 24, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் 24 செக்டர்கள். விற்பவர் அதை அறிந்திருக்கவில்லை என்றே நம்புகிறேன்.

முழுப் பரப்பையும் படிக்கும் நீள்சோதனை 4 டிபி டிஸ்க்குக்குப் பல மணிநேரம் பிடிக்கும் என்பதால் அங்கேயே செய்ய இயலாது. வாங்கியவர்கள் வீட்டில் இதை ஓட்டலாம்:

```
smartctl -t long /dev/sdb
```

டிஸ்க் முழுவதும் புதிதாக எழுதினால் C5 சுழியமாகலாம் என்று மூத்தவர் சொல்கிறார். அப்போது 05 உயர்ந்தால் அந்தப் பரப்பு பழுதடைந்ததாகவே கொள்ள வேண்டுமாம். அதைச் சோதிக்க நான் பணம் கொடுக்கவில்லை, டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.