புதுப்பிப்பு: ஆண்டு மலரில் ‘அவைகளை’த் திருத்தியது

“பள்ளி ஆண்டு மலரில் ‘அவைகள்’, ‘அவைகளை’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘அவை’யே பன்மை, ‘கள்’ வேண்டியதில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

முடியவில்லை. ‘அவைகள்’ என்று தேடினால் ‘அவைகளை’, ‘அவைகளில்’ சிக்காது. அங்கே ளகரத்துக்குப் புள்ளி இல்லையே. புள்ளியை விட்டு ‘அவைகள’ என்று தேடியதும் எல்லாம் வந்தன.

மாற்றியது மட்டும் கையால்தான். இங்கே ஒருவர் சொன்னபடி ‘கள்’ளை வெட்டினால் ‘அவையை’ என்று நிற்கும், அதுவும் தப்பு. உருபு சேரும்போது ‘அற்று’ வர வேண்டும். “பழைய புத்தகங்களைச் சேகரித்து அவைகளை நூலகத்துக்குக் கொடுத்தோம்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள், ‘அவற்றை’ ஆக்கினோம்.

கையால் செய்தது நல்லதாயிற்று. நாடாளுமன்றக் கட்டுரையில் “இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது” என்று இருந்தது. அந்த அவை சபை. பன்மை சரியே, தொடவில்லை.

அப்புறம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இங்கே சுட்டிய “ஒவ்வொரு மாணவர்களும் பங்கேற்றனர்”. இதைத் தேடிப் பிடிக்க முடியாது, வரிவரியாகப் படித்தோம். “ஒவ்வொரு மாணவரும் பங்கேற்றார்” என்று வினையையும் மாற்ற வேண்டியிருந்தது.

‘மாணவர்கள்’ என்பதே பிழை என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அது ஊன்றிப்போன வழக்கு. ‘பெற்றோர்கள்’ பற்றித்தான் குழுவில் இன்னும் இழுபறி. கட்டுரைகளில் ‘பெற்றோர்’ ஆக்கினோம். தலைமையாசிரியரின் வாழ்த்துரையில் அவர் விருப்பப்படி ‘பெற்றோர்களே’ இருக்கிறது.

அழைப்பிதழில் ‘பெற்றோர்கள்’ என்று அச்சாகிவிட்டதே எனக் கேட்டவருக்கு: அதற்காக மறுபடி அச்சடிக்க வேண்டாம்.