நான்ஸ்டிக் தவாவில் வளைவுக் கீறல், எவர்சில்வரில் துருப்புள்ளி, மண்சட்டியில் சோப்பு வாடை: எந்த நாரை எதற்குப் பயன்படுத்துவது?

தேனி வாசகி (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டில் நான்ஸ்டிக் தோசைத் தவா ஒன்றும், கண்ணாடி போலப் பளபளக்கும் எவர்சில்வர் குழம்புப் பாத்திரம் ஒன்றும், மீன்குழம்புக்கென்றே வைத்திருக்கும் மண்சட்டி ஒன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒருபுறம் மஞ்சள் பஞ்சும் மறுபுறம் பச்சை நாரும் ஒட்டிய ஸ்பாஞ்சையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். எவர்சில்வர் அடிப்பிடித்தால் மட்டும் கம்பி நாரை எடுப்போம்.

தவாவை மஞ்சள் பக்கத்தால் மட்டுமே தேய்த்தும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வளைவுக் கீறல்கள் தெரிகின்றன. நடுவில் தோசை ஒட்டவும் தொடங்கிவிட்டது. எவர்சில்வரின் உட்புறம் மங்கிப் போனதோடு, கம்பி நார் போட்ட மறுநாள் காலையில் அடியோரம் காவிநிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. மண்சட்டியைச் சூடேற்றினால் எலுமிச்சை சோப்பு வாடை வருகிறது. மூன்றுக்கும் பொருந்தும் ஒரே நார் ஏதேனும் உண்டா? இல்லையென்றால் எதை எதற்கு வாங்குவது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பாலிஷ் பட்டறை:

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், சில விவரங்களைக் கேட்டுக்கொண்டு பதில் எழுதுகிறேன். மூன்று பாத்திரங்களையும் எந்த வரிசையில் கழுவுகிறீர்கள்? நீங்கள் சொல்லும் கம்பி நார் தலைமுடி போல மெல்லியதாகப் பொடிந்து உதிர்வதா, அல்லது நாடா போலச் சுருண்டு உதிராமல் இருப்பதா? காவிப் புள்ளியின் மீது எலுமிச்சைத் துண்டைத் தேய்த்தால் மறைகிறதா? கடைசியாக, தவா ஆறியபின் அதில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, அது முத்து முத்தாக நிற்கிறதா, படர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. தேங்காய் நாரையும் அடுப்புச் சாம்பலையும் கொண்டுதான் நம் பாட்டிமார் எல்லாப் பாத்திரங்களையும் துலக்கினார்கள். இரண்டுமே இயற்கையான பொருள்கள் என்பதால் எந்தப் பாத்திரத்தையும் கீறாது. பிளாஸ்டிக் நாரை விட்டொழித்தாலே உங்கள் சிக்கல் மூன்றும் தீர்ந்துவிடும்.

மாடிவீட்டுச் சமையல்:

எனக்கும் இதே தொல்லைதான். என் இரும்பு தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுப் பளிச்சென்று தேய்த்து வைத்ததிலிருந்து ஒரு தோசைகூட முழுதாக எழுந்து வருவதில்லை. எந்த நார் நல்லது?

பாலிஷ் பட்டறை:

தங்கள் கேள்வி வேறு, அம்மா. இரும்புக் கல்லில் தோசை ஒட்டாமல் காப்பது அதன் மேல் எண்ணெய் காய்ந்து இறுகிய கருப்புப் படலம்; அதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். எண்ணெயை மெல்லிதாகத் தடவி, புகையும் வரை காயவிட்டு, ஆறவைத்துத் துடைப்பதைச் சில முறை செய்தால் படலம் திரும்ப வந்துவிடும். நான்ஸ்டிக்கில் அந்த வசதி இல்லை; அதன் பூச்சு போனால் போனதுதான்.

தேனி வாசகி:

கேட்ட விவரங்களைத் தருகிறேன். மீன் வாடை தொட்டியில் தங்கக் கூடாது என்பதற்காக மண்சட்டியை முதலில் கழுவிவிட்டு, அடுத்து எவர்சில்வரையும் கடைசியாகத் தவாவையும் கழுவுகிறோம். கம்பி நார் தலைமுடி போல மெல்லியது. உடைந்து விரலில்கூடக் குத்தும். எலுமிச்சை தேய்த்ததும் புள்ளிகள் மறைந்துவிட்டன. அந்த இடத்தை விரலால் தடவினால் குழி எதுவும் தட்டுப்படவில்லை. தவாவின் ஓரத்தில் தண்ணீர் முத்தாக நிற்கிறது. நடுவில் பழுப்பேறிய இடத்தில் மட்டும் படர்கிறது.

பாலிஷ் பட்டறை:

நீங்கள் கழுவும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. நார் தன் இழையால் கீறுவதைவிட, அதில் இருக்கும் துகளால் கீறுவதே அதிகம். பச்சை நாரின் இழை வெறும் நைலான். அதனால் எவர்சில்வரைத் தொடக்கூட முடியாது. ஆனால் அந்த இழைகளின் மேல் அலுமினியம் ஆக்சைடு போன்ற அரம்பொடியைப் பசை கலந்து படியவைத்திருப்பார்கள். பட்டறையில் நாங்கள் உப்புத்தாளில் பயன்படுத்துவதும் இதே சரக்குதான். வைரத்துக்கு 10 என்று வைத்த கடினத்தன்மை வரிசையில் இதற்கு 9 கிடைக்கும். எவர்சில்வர் 6-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே மெருகேற்றிய பாத்திரத்தைப் பச்சை நாரால் தேய்ப்பது, நாங்கள் சக்கரத்தில் போட்ட மெருகைச் சிறிது சிறிதாக இறக்குவதற்குச் சமம். மங்கல் வீட்டு முறைகளால் திரும்பாது. பட்டறையில் கொடுத்துத்தான் மெருகு போட வேண்டும். பாத்திரத்துக்கு அதனால் கேடு ஒன்றுமில்லை என்பதால், செலவு செய்யத்தான் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

தவாவைப் பொறுத்தவரை, மஞ்சள் பஞ்சில் அரம்பொடி கிடையாது என்று நீங்கள் நம்பியது சரிதான். ஆனால் அதே பஞ்சால் முதலில் மண்சட்டியைத் தேய்க்கிறீர்கள். சட்டியின் அடியிலிருந்து உதிரும் மணல் துகள்கள் பஞ்சின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். மணலின் கடினத்தன்மை 7. தவாவின் பூச்சு அதன் பக்கத்தில்கூட வராத மென்மையான பொருள். நீங்கள் கையைச் சுழற்றித் தேய்ப்பதால்தான் கீறலும் வளைவாக விழுகிறது. பஞ்சை ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து, சிறிது நேரம் கழித்து அடியில் விரலை வைத்துப் பாருங்கள். நெறுநெறுவென்று ஏதாவது தட்டுப்பட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

தோசை ஒட்டுவதற்குக் கீறல் மட்டும் காரணமன்று. நடுவில் தண்ணீர் படர்கிறது என்றால், அங்கே பூச்சின் மேல் எண்ணெய் காய்ந்து பிசின் போல் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரும்புக் கல்லுக்கு நன்மை செய்யும் அதே படலம் இங்கே தொல்லை தருகிறது. ஆப்பசோடாவைச் சில துளி தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் பூசி, கால் மணி நேரம் விட்டு, பழைய பருத்தித் துணியால் தேய்த்துக் கழுவுங்கள். பழுப்பு குறையும் வரை சில நாள் இதைச் செய்யலாம். அவசரப்பட்டுச் சலவை சோடாவைப் போட்டுவிடாதீர்கள். பூச்சு போய் அலுமினியம் வெளித்தெரியும் இடத்தை அது அரித்துக் கருக்கிவிடும். ஆப்பசோடாக் கரைசலைக் கொதிக்கவைத்தாலும் அது மெல்ல மெல்லச் சலவை சோடாவாகவே மாறும் என்பதால், கீறல் விழுந்த தவாவில் கொதிக்கவைக்கும் முறை வேண்டாம்.

துருப்புள்ளி உங்கள் பாத்திரத்தின் துரு அன்று. பொடிகிற கம்பி நார் பெரும்பாலும் சாதாரண இரும்பு. உடைந்த நுனி பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு இரவோடு இரவாகத் துருப்பிடிக்கிறது; எலுமிச்சைக்கு அது போனதும் அடியில் குழி இல்லாததும் இதையே காட்டுகின்றன. குழி இருந்திருந்தால், உப்புப் போட்ட குழம்பை நெடுநேரம் வைத்ததால் நேர்ந்த அரிப்பு என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீரும் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடாவும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் மரக்கரண்டியால் தள்ளினால் பெரும்பகுதி ஏடாகப் பெயர்ந்துவிடும். எவர்சில்வரில் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

சூளைக்காரர் பேத்தி:

மானாமதுரைப் பக்கம் மண்பாண்டத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. மேலே மணலைப் பற்றிச் சொன்னது உண்மை; சூளையில் வெடிக்காமல் இருப்பதற்காகக் களிமண்ணோடு மணல் சேர்த்துத்தான் மிதிப்பார்கள்.

மெருகுப்பூச்சு இல்லாத சட்டி தண்ணீரைக் குடிப்பது போலவே சோப்பையும் குடித்துவிடும். சூடேறும்போது அது வெளியே வருகிறது. சட்டிக்குப் பதமான தேங்காய் நாரும், ஒரு பிடி அரிசிமாவோ கடலைமாவோ, வெந்நீரும் போதும். மாவே எண்ணெயை இழுத்துக்கொள்ளும். நாரைப் புதிதாகப் பிரித்தெடுத்தால், தரையில் கிடந்த மட்டையின் மண் அதில் இருக்கும் என்பதால், அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வாடை பிடித்த சட்டியில் வடிகஞ்சியை ஊற்றி, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொட்டிவிட்டு, அடுத்து வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பின்னர் இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சூடான சட்டியில் மட்டும் பச்சைத்தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பல மாதம் சோப்புக் குடித்த சட்டியாக இருந்தால் வாடை முழுவதும் போகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

கொல்லைப்புறம்:

தேங்காய் நாரை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் சாம்பலை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

பாலிஷ் பட்டறை:

பித்தளைக்கும் பழைய ஈயப்பூச்சு இல்லாத செம்புக்கும் சாம்பல் பொருத்தமானதே. அது கொஞ்சம் தேய்த்தெடுப்பதுதான் அங்கே நமக்கு வேண்டியது. ஆனால் சாம்பல் கீறாது என்பதை ஏற்க முடியாது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. சலித்த விறகுச் சாம்பல் அதைவிட மென்மையானது என்றாலும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தவாவுக்கு நிச்சயம் கூடாது.

கொல்லைப்புறம்:

தவாவைப் பற்றிய தங்கள் கருத்தை ஏற்கிறேன். எவர்சில்வருக்குச் சலித்த சாம்பல் கூடாது என்பதை ஏற்கவில்லை; எங்கள் வீட்டுத் தட்டுகளில் இன்றும் முகம் பார்க்கலாம்.

தேனி வாசகி:

பஞ்சைப் பிழிந்து பார்த்தேன்; கிண்ணத்தின் அடியில் செம்மண் நிறத்தில் நெறுநெறுப்பு தங்கியது. இப்போது மண்சட்டிக்குத் தேங்காய் நாரை வெளித்திண்ணையிலேயே தனியாக வைத்துவிட்டோம். தவாவில் பழுப்பு பெருமளவு குறைந்து, தோசை மூன்றில் இரண்டு ஒட்டாமல் வருகிறது. சட்டியில் வாடை குறைந்திருக்கிறது, போகவில்லை. எவர்சில்வருக்கென்று "கீறாது" என்று அச்சிட்ட நீலநிற நார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதைத் தவாவுக்கும் பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? கீறல் விழுந்த தவாவில் தொடர்ந்து சமைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பாலிஷ் பட்டறை:

பயனற்ற பழைய சிடி ஒன்றின் பளபளக்கும் பக்கத்தை நனைத்து, நாரைத் தவாவில் அழுத்தும் அளவுக்கே அழுத்திப் பத்து முறை நேர்கோட்டில் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்த நார் தவாவுக்கு ஆகாது. கோடு விழாவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை, ஏனெனில் தவாவின் பூச்சு சிடியைவிட மென்மையானது. என் வீட்டில் தவாவுக்குப் பருத்தித் துணியையும், ஊறவைத்து மெத்தென்று ஆன பீர்க்கங்கூட்டையும் தவிர எதையும் விடுவதில்லை. நீல நாரை எவர்சில்வருக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பாத்திரத்தின் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தால் புதிய கீறல் கண்ணில் படாது.

மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும் தவாவை நான் தூக்கி எறிய மாட்டேன். பூச்சு ஏடாக உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தால் மாற்றிவிடுவேன்.

சூளைக்காரர் பேத்தி:

கோடு விழுந்ததுமே மாற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். உரிந்த துகள் வயிற்றில் கரையாமல் வெளியேறிவிடும் என்று சொல்கிறார்கள். இருந்தாலும் குழந்தைகள் சாப்பிடும் தோசையில் அது எதற்கு?

தேனி வாசகி:

சிடியில் நீல நார் மெல்லிய கோடு போட்டுவிட்டது, எவர்சில்வருக்கே ஒதுக்கிவிட்டேன். தவாவை மாற்றுவதா வேண்டாமா என்பதில் வீட்டிலும் இரண்டு கட்சி இருக்கிறது.