பங்குனித் தீமிதி: பால்குழியில் நடந்தது

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுவிலிருந்து சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். அடுத்த வருடத்துக்கு வசூல் கேட்டு மடல் வந்திருக்கிறது, அதனால் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழியில் குறை இல்லை. மதியமே புளிய விறகை அடுக்கி எரித்து, சுவாலை அடங்கிய பிறகே கங்கைத் தட்டிப் பரப்பினார்கள். வேகாத கட்டை, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார்கள். கரகத்தோடு இறங்கிய முதல் வரிசைக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை.

கெட்டதெல்லாம் தீக்குழியைத் தாண்டியதும் கால் வைக்கும் பால்குழிப் பக்கம். சொந்தக்காரர்கள் கைபேசியோடு கயிற்றைத் தாண்டி வந்து, பாலில் நிற்பவரை அங்கேயே பிடித்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். முன்னே நிற்பவர் நகராவிட்டால் பின்னே வருபவர் கங்கின் மேல்தானே நிற்க வேண்டும்? நடக்கும் காலைக் கங்கில் பட்டதும் எடுத்துவிடுவதால்தான் அது தப்புகிறது, நின்றால் வெந்துபோகும். மூன்று பேருக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் யாரோ மஞ்சளைக் குழைத்துப் புண்ணில் அப்பிவிட்டார்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காலை வைத்திருக்க வேண்டும், குழாயோ அன்னதானப் பந்தலில் இருந்தது.

அடுத்த முறை பால்குழிக்கு அப்பால் பத்தடி காலியாக இருக்கட்டும். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஆளை வெளியே கொண்டுபோக வேண்டும், அவர் ஏறிய பிறகே மறுமுனையில் அடுத்தவரை இறக்க வேண்டும். குழாயும் பக்கத்திலேயே வேண்டும்.
– பெரியவீட்டுப் பேரன்

தம்பி, வெந்த காலை அப்புறம் பார்ப்போம். கணக்கில் அமெரிக்க டாலருக்கு 2,100 கியாட் என்று போட்டிருக்கிறது. அது அரசு விலை. நாம் வங்கியில் போடாமல் உண்டியல்காரர் மூலம் அனுப்பியது வெளி விலையில், அது அதைவிட ரொம்ப அதிகம். மீதி எங்கே? விறகு ரசீது, பால் ரசீது எதுவும் எனக்கு வரவில்லை.
– பினாங்கு மாமா

காப்புக் கட்டி ஒழுங்காக விரதம் இருந்தவனுக்குச் சுடாது. எங்கள் காலத்தில் ஆற்றில் முழுகி ஈரக் காலோடு ஓடி வருவோம், பர்மாக்காரர்களும் கும்பிட்டு நிற்பார்கள். ஊர் மானத்தை இப்படி மடலில் ஏற்றாதீர்கள்.
– வியாசர்பாடி சித்தப்பா

சித்தப்பா, ஈரக் காலில் கங்கு ஒட்டிக்கொள்வதும் உண்டு. என் அக்கா மகன் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவனுக்கு முன்னால் படத்துக்கு நின்றது உங்கள் வீட்டுப் பிள்ளைதான். இன்னும் அவனால் காலை ஊன்ற முடியவில்லை, உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை.
– ஆலைக்கார வீட்டு மருமகள்

அக்கா, அவனுடைய மருந்துச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். மாமா, ரசீதை ஊரில் கேட்டுவிட்டேன், பால்காரரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. பால்குழியில் நிற்க இரண்டு பேர் வேண்டும். யார் சொன்னால் நம் ஆட்கள் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள் என்று பெயரை எழுதுங்கள்.
– பெரியவீட்டுப் பேரன்