கார்டில் மைனஸ் 352 டாலர்: இதை வங்கிக் கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி?

டல்லாஸ் புதுவரவு:
அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் கார்டில் 412 டாலருக்கு மெத்தை வாங்கினேன். சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 3 ஸ்டேட்மென்டில் மெத்தையோடு சேர்த்து 655 டாலர் பாக்கி வந்தது. 16ஆம் தேதி கடைக்காரர் 412ஐ கார்டில் திருப்பிப் போட்டார். ஆனாலும் 28ஆம் தேதி ஆட்டோபே முழு 655ஐயும் என் செக்கிங் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. இடையில் 60 டாலருக்கு மளிகை வாங்கியிருந்தேன். இப்போது கார்டில் -$352.00 என்று காட்டுகிறது. நான் கடன்பட்டிருக்கிறேனா, வங்கி எனக்குத் தர வேண்டுமா? வாடகைக்கு இந்தப் பணம் வேண்டும்.

ஜெர்சிக்காரர்:
வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். பேசாமல் அந்த கார்டிலேயே செலவு பண்ணுங்கள், தானாகக் கழிந்துவிடும். மைனஸில் இருந்தால் கிரெடிட் ஸ்கோரும் ஏறும்.

கார்டு பிரிவில் இருந்தவர்:
நான் ஏழு வருடம் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்தேன். செலவு செய்தால் கழியும் என்பது சரி. ஸ்கோர் ஏறாது, மைனஸ் பாக்கியைப் பூஜ்யம் போலத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தம்பிக்கு வாடகைக்குப் பணம் வேண்டும். வீட்டுக்காரர் கார்டு வாங்குவாரா என்ன?

தம்பி, நடந்தது இதுதான். ஆட்டோபே ஸ்டேட்மென்டில் இருந்த தொகையைப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்த ரீஃபண்டைச் சில வங்கிகள் கழித்துவிட்டு எடுக்கும், உங்கள் வங்கி கழிக்கவில்லை. முதலில் அந்த 655 முழுதாகச் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். Pending என்று இருந்தால் பொறுங்கள். அவசரத்தில் செக்கிங் கணக்கு வங்கியிடம் போய் அந்தப் பேமென்டைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். அது பேமென்ட் திரும்பிவிட்டதாகப் பதிவாகி, அபராதமும் வரலாம்.

சேர்ந்த பிறகு கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் பேசி "Credit balance refund" வேண்டும் என்று அதே வார்த்தையில் கேளுங்கள். பணம் கட்டிய செக்கிங் கணக்குக்கே அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் பதிவில் உள்ள முகவரிக்குச் செக் வரும்.

இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். ரெகுலேஷன் இசட் என்ற கூட்டாட்சி விதியில் இது இருக்கிறது, எண் 12 CFR 1026.11. ஒரு டாலருக்கு மேல் மிச்சம் இருந்து, நீங்கள் எழுத்தில் கேட்டால், கடிதம் கிடைத்த 7 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கடிதத்தை ஸ்டேட்மென்டில் உள்ள பில்லிங் விசாரணை முகவரிக்கு அனுப்புங்கள். பணம் கட்டும் முகவரிக்குப் போனால் யாரும் படிக்காமல் கிடக்கும்.

ஆஸ்டின் மாணவி:
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா. கார்டு எடுக்கும்போது 300 டாலர் கட்டினேன், அது மைனஸாகக் காட்டவே இல்லை. அதையும் 7 நாளில் கேட்கலாமா?

கார்டு பிரிவில் இருந்தவர்:
இல்லைம்மா, அது வேறு. உங்களுடையது செக்யூர்டு கார்டு. அந்த 300 ஈடாகத் தனியே வைத்திருப்பது. பாக்கி இல்லாமல் கார்டை மூடினாலோ, வங்கி சாதாரண கார்டாக மாற்றினாலோதான் திரும்பும்.

டல்லாஸ் புதுவரவு:
ரொம்ப நன்றி அண்ணா. இனி ஆட்டோபேயை நிறுத்திவிடட்டுமா?

கார்டு பிரிவில் இருந்தவர்:
வேண்டாம். ஸ்டேட்மென்டுக்குப் பின்னால் வரும் ரீஃபண்ட், பெரும்பாலும் பேமென்டாகக் கணக்கில் சேராது. ஆட்டோபே இல்லாமல் "ரீஃபண்ட் வந்துவிட்டதே" என்று விட்டால், குறைந்தபட்சத் தொகை கட்டவில்லை என்று தாமதக் கட்டணம் விழலாம். மைனஸ் வந்தால் கேட்டு வாங்கிவிடலாம், தாமதப் பதிவை அழிப்பதுதான் பெரும்பாடு.

சென்னைக்குத் திரும்பியவர்:
இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒகாயோவில் இருந்தபோது 90 டாலர் மைனஸில் இருந்த கார்டை மூடிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். செக் பழைய வீட்டுக்குப் போய்விட்டது, இப்போது அங்கே யாரோ இருக்கிறார்கள். தயவுசெய்து பணத்தை வாங்கிய பிறகே கார்டை மூடுங்கள்.

கார்டு பிரிவில் இருந்தவர்:
ஐயா, செக் பணமாக்கப்படவில்லை என்றால் வங்கியிடம் அதை ரத்து செய்து வேறு அனுப்பச் சொல்லலாம். யாரும் கேட்காமல் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் கிடந்தால் திருப்பித் தர வங்கியே நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வங்கி மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வருடங்கள் கழித்து அந்தப் பணம் மாநிலத்தின் உரிமை கோரப்படாத சொத்துக் கணக்குக்குப் போகும், அங்கே உங்கள் பெயரைத் தேடலாம்.

டல்லாஸ் புதுவரவு:
போனிலேயே கேட்டேன். ஐந்தாவது வேலை நாளில் 352ம் செக்கிங் கணக்குக்கு வந்துவிட்டது. கடிதம் தேவைப்படவில்லை.

சென்னைக்குத் திரும்பியவர்:
எனக்கு வேறு செக் அனுப்புகிறார்களாம். ஆனால் டாலர் செக்கை இங்கே என் கிளையில் எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கை கணக்கில் போட முடியுமா, யாராவது செய்திருக்கிறீர்களா?